மெழுகுதிரியா, ரின்னா, போத்தலா?

காற்று அமுக்கும் என்பதை ஐந்து நிமிட வீடியோவில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்கள் சின்னப் பதிவறையில் மூன்று பரிசோதனைகளைச் செய்து பார்த்தோம்.

முதலாவது, எல்லோருக்கும் தெரிந்த மெழுகுதிரி. தட்டில் நிறத்தண்ணி, நடுவில் எரியும் திரி, மேலே கவிழ்த்த கிளாஸ். திரி அணைந்ததும் தண்ணி உள்ளே ஏறும். கமராவுக்கு வடிவுதான். ஆனால் பார்த்த பிள்ளை உடனே, "ஒட்சிசன் முடிஞ்சுது, அந்த இடத்துக்குத் தண்ணி வந்திட்டுது" என்றாள். பல பேர் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். உண்மையில் ஒட்சிசன் முழுக்க முடிய முன்னமே சுடர் அணைந்துவிடும். சூட்டில் விரிந்த காற்று பிறகு ஆறிச் சுருங்குவதுதான் முக்கிய காரணம். கிளாசைக் கவிழ்க்கும்போது விளிம்பால் குமிழி வருகிறதா, தண்ணி எப்போது வேகமாக ஏறுகிறது என்று பாருங்கள். மூன்று திரி வைத்தால் தண்ணி இன்னும் உயரும். கிளாசுக்குள் ஒட்சிசன் கூடவில்லையே! இதை விளக்கவே ஐந்து நிமிடமும் போய்விடும்.

சோடா ரின்னில் ஒரு மேசைக்கரண்டி தண்ணி விட்டுக் கொதிக்கவைத்து, ஆவி நன்றாக வந்தபின் குறட்டால் தூக்கிக் குளிர்தண்ணிக்குள் கவிழ்த்தால், கண்மூடித் திறக்க முன்னம் நசுங்கும். பிழைக்காது. ஆனால் அடுப்பும் கொதியாவியும். வீட்டில் தனியச் செய்து பார்ப்பான்கள் என்று எங்கள் அண்ணை ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

மிஞ்சியது மெல்லிய பிளாஸ்ரிக் தண்ணிப் போத்தல். முதல் தரம் கொதிதண்ணியை அப்படியே ஊற்றினோம். கழுத்து இளகிக் கோணியது, மூடி இறுகவில்லை, காற்று உள்ளே போய் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பிளாஸ்ரிக் ஏறத்தாழ 70 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். இப்போது இரண்டு பங்கு கொதிதண்ணிக்கு மூன்று பங்கு கிணற்றுத் தண்ணி கலக்கிறோம், 60 பாகைக்குச் சற்றுக் கீழே நிற்கும். அதுவும் கையைச் சுடும், ஊற்றுவது பெரியவர்தான். கால் போத்தல் ஊற்றி, மூடாமல் அரை நிமிடம் சுழற்றி, கவிழ்த்து ஊற்றியவுடனே மூடி இறுக்க வேண்டும். மூடிக்கொண்டு குலுக்கினால் சூட்டுத் தண்ணி சீறும்.

பிறகு குளிர்தண்ணியில் உருட்ட வேண்டும். மத்தியானம் கூரைத் தொட்டித் தண்ணி சுடும், அதால் சரிவராது. ஐஸ் போட்டால் விறுவிறென்று ஒடுங்கும். உள்ளே காற்று ஆறிச் சுருங்குவது மட்டுமல்ல, நீராவியும் ஆறித் தண்ணியாகிறது. அதனால்தான் இவ்வளவு ஒடுங்குகிறது. பிள்ளைகளுக்கு, "உள்ளே இருந்து காற்றுத் தள்ளுறது குறைஞ்சுது, வெளியே இருந்து தள்ளுறது அப்படியே இருக்கு" என்றால் போதும்.

மைக்கைக் கிட்ட வைத்து, இடையில் வெட்டாமல் எடுத்தோம். கடைசியில் மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தமும் போத்தல் 'டக்' என்று நிமிரும் சத்தமும் கேட்கும். வெளிக்காற்று உள்ளே போனதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம் என்று நாங்கள் அந்த இடத்தில் விளக்கமே பேசவில்லை.