நான்கு செட் வினாத்தாள்: முழுக் கலைப்பா, சுழற்சியா, தொகுதிக் கலைப்பா?

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில் வாராந்திர மாதிரித் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிப்பது என் பொறுப்பு. 30 கேள்விகள், 30 நிமிடம், ஓர் அறையில் ஆறுக்கு ஆறாக 36 இருக்கைகள். ஏ, பி, சி, டி என்று நான்கு செட் அடிக்கிறோம். எல்லா செட்டிலும் அதே கேள்விகள்தான், வரிசை மட்டும் வேறு. அந்த வரிசையை மாற்ற மூன்று வழிகள் இருக்கின்றன.

பலரும் முதலில் எடுப்பது சுழற்சி. ஏ செட் 1-இல் தொடங்கும், பி செட் 9-இல், சி செட் 16-இல், டி செட் 23-இல். கையாலேயே செய்துவிடலாம். ஆனால் வினாத்தாள் எளிதிலிருந்து கடினத்துக்குப் போவதாக இருந்தால், டி செட் கிடைத்தவருக்கு முதல் எட்டும் கடினக் கேள்விகள். அங்கேயே பாதி நேரம் போய்விடும். தெரிந்த கேள்விகளைத் தொடாமலே தாளைக் கொடுப்பார். போதாததற்கு, 'என் எண்ணோடு எட்டைக் கூட்டு' என்று ஒருவர் கண்டுபிடித்தால் மொத்த வரிசையும் அம்பலம். இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முழுக் கலைப்பில் 30 கேள்விகளையும் கணினி இஷ்டத்துக்குக் கலைக்கும். சூத்திரம் எதுவும் இல்லாததால் கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்துத் தாளோடு ஒரே எண்ணில் ஒரே கேள்வி விழுவதும் சராசரியாக ஒன்றுதான். கேள்விகள் 30 ஆனாலும் 100 ஆனாலும் அது மாறாது. குறை கடினத்தில்தான். ஒரு செட்டில் கடினமானவை முன்னால் குவியும், இன்னொன்றில் பின்னால் போகும். அறை முழுக்கச் சராசரி பார்த்தால் சரியாகத் தெரியலாம், அந்த செட் கிடைத்தவருக்கு அது நியாயம் ஆகாது.

ஆகவே நான் நிற்பது தொகுதிக் கலைப்பில். முந்தைய தேர்வில் ஒரு கேள்விக்கு 70 சதவீதத்துக்கு மேல் சரியாக எழுதியிருந்தால் எளிது, 40-க்குக் கீழே என்றால் கடினம், இடைப்பட்டது நடுத்தரம். இது நாங்கள் போட்டுக்கொண்ட கோடு. புதுக் கேள்விக்கு மட்டும் ஆசிரியர் இருவர் தனித்தனியாகக் குறிப்பார்கள். இந்த வாரத் தாளில் 10 எளிது, 12 நடுத்தரம், 8 கடினம். ஒவ்வொரு தொகுதியையும் அதற்குள்ளேயே கலைத்தால், எந்த செட்டை எடுத்தாலும் 1 முதல் 10 வரை எளிது, 23 முதல் 30 வரை கடினம்.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஒரே எண்ணில் ஒரே கேள்வி விழுவது தொகுதிக்கு ஒன்று என்ற கணக்கில் சராசரி மூன்றாகிவிடும். ஒரே எண்ணில் இல்லாவிட்டாலும் ஒரு வரி தள்ளி இருந்தால் கண் எட்டும். அதனால் கலைத்தால் மட்டும் போதாது, இடைவெளியும் கேட்க வேண்டும். கடினத் தொகுதிக்கு இப்படி:

```python
import random
random.seed(417)

def gap(a, b):
    return min(abs(a.index(q) - b.index(q)) for q in a)

a = list(range(23, 31))
c = a[:]
while gap(a, c) < 3:
    random.shuffle(c)
```

ஏ செட்டில் இருக்கும் ஒவ்வொரு கேள்வியும் சி செட்டில் குறைந்தது மூன்று இடம் தள்ளி வரும்வரை கணினி மறுபடி மறுபடி கலைக்கும். எட்டு கேள்விக்கு ஆயிரக்கணக்கான முறை கலைக்க நேர்ந்தாலும் ஒரு நொடிகூட ஆகாது. seed எண்ணைக் குறித்து வைத்தால் அதே வரிசையும் விடைக்குறிப்பும் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரும். நான்கு செட்டுக்கும் எல்லா ஜோடிக்கும் மூன்று இடம் கேட்டால் எட்டு கேள்வியில் அது கிடைக்காது, நிரல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கவாட்டு ஜோடிக்கு மட்டும் மூன்று கேளுங்கள், மற்ற ஜோடிகளுக்கு ஒன்று போதும்.

அப்புறம் இருக்கை. முதல் வரிசை ஏ சி ஏ சி ஏ சி, அடுத்தது பி டி பி டி பி டி, இதையே மாற்றி மாற்றி வைத்தால் முன்பின், பக்கவாட்டு, மூலை என எட்டுத் திசையிலும் வேறு செட்தான் இருக்கும். பக்கவாட்டில் ஏ–சி, பி–டி என்ற இரண்டு ஜோடிகளே வரும். பார்வை சுலபமாகப் போவது பக்கவாட்டில் என்பதால் பெரிய இடைவெளியை அங்கே செலவிடுகிறோம். தாளை ஆளுக்குக் கொடுக்காமல் மேசையில் முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரும் பிள்ளைகள் சில நாள் தாமதமாவார்கள். அவர்களைக் காலி இடத்தில் உட்காரவைத்து மீந்த தாளைக் கொடுத்தால் ஏ பக்கத்தில் ஏ வந்துவிடும்.

ஒரு பத்தியைப் படித்து மூன்று கேள்விக்கு விடை எழுதச் சொன்னால், அந்த மூன்றையும் ஒரே கேள்வியாகக் கட்டித்தான் கலைக்க வேண்டும். விடைகளின் வரிசையையும் கலைப்பதாக இருந்தால், 'மேற்கண்ட அனைத்தும்' என்ற விடை மட்டும் கடைசியிலேயே நிற்கட்டும்.

தேர்வு முடிந்ததும் செட் வாரியாகச் சராசரி மதிப்பெண்ணைப் பாருங்கள். ஓர் அறையில் செட்டுக்கு 9 பேர்தான், அந்தக் கணக்கு தானாகவே ஏறி இறங்கும். பல அறைகளைச் சேர்த்த பிறகும் ஒரு செட் கீழே நின்றால், அதில் கடைசி ஐந்து கேள்விகளை எத்தனை பேர் காலியாக விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மற்ற செட்களைவிட அது அதிகம் என்றால், எங்கோ முன்பகுதியில் கடினக் கேள்வி ஒன்று எளிது என்று குறிக்கப்பட்டு உட்கார்ந்திருக்கிறதா என்பதை முதலில் தேடுவேன்.