மாதக் கடைசியில் தடுக்கி விழாத தவணைத் தேதி: மூன்று வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் ஒரு மீன்வலைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வலை, கயிறு, இன்ஜின் உதிரிபாகம் எல்லாம் தவணைக்குப் போகும். ஒவ்வொருவருக்கும் ஒரு தவணை அட்டை உண்டு. எந்தத் தேதியில் எவ்வளவு கட்ட வேண்டும் என்று அதில் அச்சடித்துக் கொடுப்போம். 2022 அக்டோபரில் இந்தத் தேதிகளைப் போடுவதற்கென்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். அன்றிலிருந்து அது மூன்று உருவம் மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் மாற்றவைத்தது மாதத்தின் கடைசி மூன்று நாள்தான்.

முதல் உருவம் பாஷ். கடைக் கணினியில் லினக்ஸ் இருந்ததால் `date` கட்டளையையே நம்பினேன்.

```bash
for n in 1 2 3 4 5 6; do
  date -d "2022-12-31 +$n month" +%F
done
```

டிசம்பர் 31-ஆம் தேதி வலை வாங்கியவருக்கு ஆறு தவணை. இதை ஓட்டினால் வருவது இது:

```
2023-01-31
2023-03-03
2023-03-31
2023-05-01
2023-05-31
2023-07-01
```

பிப்ரவரி எங்கே? ஏப்ரல் எங்கே? ஜூனையும் காணோம். இருப்பதோ மார்ச்சில் இரண்டு, மே மாதத்தில் இரண்டு. பிழைச் செய்தி ஒன்றும் வராது. ஆறு தேதி கேட்டோம், ஆறு தேதி கொடுத்துவிட்டது. இதில் கட்டளையை ஏமாற்றுக்காரன் என்று சொல்லவும் முடியாது. மாத எண்ணை மட்டும் கூட்டி பிப்ரவரி 31 என்று வைத்துக்கொள்கிறது. பிப்ரவரிக்கு 28 நாள்தான் என்பதால் மிச்சம் மூன்று நாளை மார்ச்சில் தள்ளுகிறது. மாதக் கணக்கில் இப்படி நடக்கும் என்று அதன் கையேட்டிலேயே எச்சரித்திருக்கிறார்கள். நான்தான் படிக்கவில்லை.

பாம்பனிலிருந்து ஒரு அக்கா மார்ச் முதல் வாரம் அட்டையோடு வந்தார். அட்டையை மேசையில் வைத்து, "தம்பி, பிப்ரவரிக்கு ஒண்ணும் போடாம மார்ச்சுக்கு ரெண்டு போட்டிருக்கீங்க. ஒரு மாசத்துல ரெண்டு தவணை நான் எங்க போய் கட்டுவேன்?" என்றார். அப்போதுதான் பழைய அட்டைகளையும் எடுத்துப் பார்த்தேன். அக்டோபர் 31-இல் வாங்கியவருக்கு நவம்பர் 30-க்குப் பதில் டிசம்பர் 1 விழுந்திருக்கிறது. ஒரு நாள் வித்தியாசம் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. மூன்று நாள் தள்ளிப்போன பிறகுதான் கண்ணில் பட்டது.

சரி என்று பைதானுக்கு மாறினேன். அதனுடன் வரும் `timedelta`-வில் மாதம் என்ற அளவே கிடையாது, வாரம்தான் அதில் பெரிய அளவு. 30 நாள் 30 நாளாகக் கூட்டுவது தவணைக்கு ஒத்துவராது; மாதம் ஒரு தேதி என்று பழகியவரிடம் ஜனவரி 30, மார்ச் 1, மார்ச் 31 என்று அட்டையை நீட்ட முடியாது. `replace(month=2)` என்று போட்டால், 31-ஆம் தேதிக்கு அது `ValueError` கொடுத்து நின்றுவிடும். யோசித்துப் பார்த்தால் அது நல்ல குணம்தான், சத்தம் போட்டு நிற்கிறதே. கடைசியில் `dateutil` என்ற தொகுப்பில் உள்ள `relativedelta`-வைப் பிடித்தேன். ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் அது பிப்ரவரி 28 கொடுக்கும். 2024 போன்ற லீப் வருஷமாக இருந்தால் 29. மாதத்தைத் தாண்டாது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

தீரவில்லை. தரவுத்தளத்தில் ஒவ்வொரு கணக்குக்கும் 'அடுத்த தவணை' என்று ஒரே ஒரு தேதிதான் வைத்திருந்தேன். பணம் கட்டியதும் அந்தத் தேதியோடு ஒரு மாதம் கூட்டி அதே இடத்தில் எழுதிவிடும். ஜனவரி 31 பிப்ரவரி 28 ஆகும், அது சரி. அடுத்தது மார்ச் 28 ஆகும். அப்புறம் ஏப்ரல் 28, மே 28. ஒரு முறை பிப்ரவரியைத் தொட்ட கணக்கு அதன்பின் 31-க்குத் திரும்புவதே இல்லை. ஸ்கிரிப்டுக்குத் தெரிந்ததெல்லாம் 28 மட்டுமே. 31 எப்போதோ அழிந்துவிட்டது.

முந்தைய தவறைவிட இது மோசம். காரணம், வரும் தேதி எல்லாமே பார்க்க ஒழுங்கான தேதி. மாதத்துக்கு ஒன்று சரியாக இருக்கிறது, எந்த மாதமும் விடுபடவில்லை. ஆகஸ்ட் வரைக்கும் எனக்குத் தெரியவே தெரியாது. ஆகஸ்ட் 30-ஆம் தேதி ஒருவர் கட்ட வந்தபோது திரையில் இரண்டு நாள் தாமதம் என்று 100 ரூபாய் அபராதம் ஏறியிருந்தது. "அட்டையில 31-ன்னு போட்டுக் கொடுத்தது நீங்கதானே?" என்று கேட்டார். அட்டை ஒரு தேதி சொல்கிறது, கணினி வேறொரு தேதி சொல்கிறது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

உங்கள் கணக்கிலும் இப்படி நடந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அடுத்த தவணைத் தேதிகளை நாள்வாரியாக எண்ணிப் பாருங்கள். எனக்கு 28-ஆம் தேதியில் மட்டும் 23 கணக்கு குவிந்திருந்தது. 29, 30, 31 மூன்றும் சேர்ந்து 2. பேரேட்டைப் புரட்டிப் பார்த்ததில் அந்த 23-இல் உண்மையிலேயே 28-ஆம் தேதி வாங்கியவர்கள் 4 பேர்தான். காகிதப் பேரேடு இருந்ததால் மீதி 19 பேரின் தேதியை மீட்டேன். இல்லாவிட்டால் வழியே இல்லை. 28-ஐ மட்டும் பார்த்து அது முன்பு 29-ஆ, 30-ஆ, 31-ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு மாதம் கழித்தாலும் திரும்பாது. ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டி, உடனே ஒரு மாதம் கழித்தால் ஜனவரி 28-தான் கிடைக்கும்.

மூன்றாவது உருவம்தான் இன்றுவரை ஓடுகிறது. 'அடுத்த தவணை' என்ற பத்தியையே எடுத்துவிட்டேன். வாங்கிய தேதியை மாற்றாமல் அப்படியே வைத்து, எந்தத் தவணை வேண்டுமானாலும் எப்போதும் அந்த முதல் தேதியிலிருந்தே எண்ணுவது. இடையில் கடைக் கணினி மாறியது. புதியதில் இணையம் சரியாக வராததால் `dateutil` நிறுவ முடியவில்லை. அந்த எரிச்சலில் பைதானுடன் வருவதை மட்டும் வைத்து நானே எழுதினேன்:

```python
from datetime import date
from calendar import monthrange

def add_months(d, n):
    k = d.year * 12 + d.month - 1 + n
    y, m = k // 12, k % 12 + 1
    return date(y, m, min(d.day, monthrange(y, m)[1]))
```

வருஷத்தையும் மாதத்தையும் ஒரே எண்ணாக்கி, அதில் தவணை எண்ணைக் கூட்டி, திரும்பப் பிரிப்பதுதான் இது. `- 1` ஏன் என்றால், மாதத்தை 0-விலிருந்து எண்ணினால்தான் 12-ஆல் வகுக்கும்போது டிசம்பர் ஒழுங்காக விழும். அதை மட்டும் விட்டுவிட்டால் எல்லாத் தேதியும் ஒரு மாதம் தள்ளிப்போய், டிசம்பர் அடுத்த வருஷத்து ஜனவரிக்குத் தாவிவிடும். `monthrange` கொடுக்கும் இரண்டாவது எண் அந்த மாதத்தின் கடைசி நாள். வாங்கிய நாள், கடைசி நாள் இரண்டில் எது சிறியதோ அது. டிசம்பர் 31-க்கு இப்போது ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30 என்று வருகிறது. பிப்ரவரியில் குனிந்து போய் மார்ச்சில் நிமிர்ந்துகொள்கிறது.

`dateutil` வைத்திருப்பவர்கள் `start + relativedelta(months=n)` என்று முதல் தேதியிலிருந்தே கூட்டினாலும் இதே விடைதான். ஒன்றில் மட்டும் கவனம்: `months` என்றால் கூட்டு, `month` என்றால் அந்த மாதமாகவே மாற்று. ஒரு `s` விட்டுப்போய், டிசம்பரில் வாங்கியவருக்கு அதே வருஷத்து ஜனவரியில் முதல் தவணை அச்சான கதை எங்கள் கடையில் உண்டு. அதற்கும் பிழைச் செய்தி வராது.

எங்கள் கடற்கரைக்கே உரிய சிக்கல் ஒன்று இருந்தது: மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாளில் தவணை கேட்க முடியாது. முதலில் நான் செய்தது, தடைக்குள் விழும் தவணையை ஜூன் 15-க்குத் தள்ளி, அங்கிருந்து மாதம் மாதமாகக் கூட்டியது. 31-ஆம் தேதிக்காரர் 15-ஆம் தேதிக்காரர் ஆகிவிட்டார். அதே பழைய தவறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. இப்போது தவணை எண்ணை நிறுத்தாமல் ஓடவிட்டு, தடைக்குள் விழும் தேதியை மட்டும் அச்சடிக்காமல் விடுகிறேன். டிசம்பர் 31-க்காரருக்கு மார்ச் 31-க்குப் பிறகு ஏப்ரல் 30, மே 31 இரண்டும் விடுபட்டு நேரே ஜூன் 30. தடை சரியாக இரண்டு மாத நீளம் என்பதால் எந்தத் தேதிக்காரருக்கும் இரண்டு தவணைதான் விடுபடும்: 14-க்குள் உள்ளவர்களுக்கு மே, ஜூன், 15-உம் அதற்குப் பிந்தியும் உள்ளவர்களுக்கு ஏப்ரல், மே. அட்டையைச் சரிபார்க்க இது எனக்கு வசதி. இரண்டுக்கு மேலோ கீழோ விடுபட்டிருந்தால் எங்கோ கோளாறு. நாட்டுப்படகுக்கு இந்தத் தடை இல்லை. அவர்கள் கணக்கில் இதைத் தொடுவதில்லை.

ஸ்கிரிப்டால் தீர்க்க முடியாதது ஒன்று உண்டு. பிப்ரவரி 28-ஆம் தேதி ஒருவர் கயிறு வாங்கிவிட்டு, "மாசக் கடைசியில தாரேன்" என்கிறார். மார்ச்சில் அவருக்கு 28-ஆ, 31-ஆ? தேதியை மட்டும் பார்த்தால் இரண்டும் சரிதான். அவர் வாயால் சொன்னதைப் பதிந்தால்தான் உண்டு. அதற்காக 'மாதக் கடைசியா?' என்று ஒரு பத்தி சேர்த்தேன். ஆம் என்றால் வாங்கிய நாளை 31 என்று எடுத்துக்கொண்டு அந்த மாதத்தின் கடைசி நாளைப் போடும். மாதக் கடைசியில் கடைக்கு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் கேட்டே எழுதுகிறேன்.

இன்னும் எரிச்சல் தருவது அறிக்கை. கணக்கெல்லாம் எஸ்க்யூலைட்டில் இருக்கிறது. அதில் `date('2023-01-31', '+1 month')` என்று கேட்டால் பழைய பாஷ் மாதிரியே `2023-03-03` என்று சொல்லும். 3.46 பதிப்பிலிருந்து கடைசியில் `'floor'` என்று சேர்த்தால் `2023-02-28` கிடைக்கிறது. கடைக் கணினியில் உள்ளது அதற்கு முந்தைய பதிப்பு. அதனால் எல்லாத் தவணைத் தேதியையும் பைதானே கணக்கிட்டுத் தனி அட்டவணையில் எழுதி வைக்கிறது. அறிக்கை அங்கிருந்து படிக்க மட்டும் செய்கிறது.