மீட்டிங்கைத் தள்ளிவைத்ததற்கு 12,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள், ஏஜென்சி வழியாக வேலை செய்பவர்கள் கவனிக்கவும்

கோவையில் இருந்து வெப்சைட் டிசைன் செய்கிறேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், 2024 தீபாவளிக்கு மறுநாள் நடந்தது. சென்னையில் இருக்கும் ஒரு ஏஜென்சி (பெயர் வேண்டாம்) வழியாக நியூ ஜெர்சி கிளையன்ட் ஒருவருக்கு 80,000 ரூபாய் வேலை. நவம்பர் 1, வெள்ளிக்கிழமை நம் நேரம் இரவு 7:30-க்கு மீட்டிங். அவர்களுக்குக் காலை 10 மணி.

அன்று விடியற்காலை அம்மாவுக்குச் சுகர் 48-க்கு இறங்கி, வியர்த்துக் கொட்டி, கூப்பிட்டால் பேச்சில்லை. 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பண்டிகை லீவில் பெரிய டாக்டர் வர மத்தியானம் ஆகும் என்றார்கள். இரவு வரை அங்கிருந்து நகர முடியாது என்று தெரிந்ததும், 11:14-க்கு ஏஜென்சி கோஆர்டினேட்டருக்கு வாட்ஸப்பில் விஷயத்தைச் சொல்லி "திங்கள் அல்லது செவ்வாய், இதே நேரம்" என்று எழுதினேன். நீல டிக் விழுந்தது, கட்டைவிரல் ஒன்று வந்தது. கூகுள் காலண்டரிலும் Propose a new time அழுத்தித் திங்கள் 7:30 என்று போட்டுவிட்டு, சரி, முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

முடியவில்லை. அந்தப் பட்டன் மீட்டிங்கை நகர்த்தாது. மீட்டிங்கை உருவாக்கியவருக்கு ஒரு வேண்டுகோள் போகும், அவ்வளவுதான். அவர் ஏற்கும் வரை எல்லோருடைய காலண்டரிலும் பழைய நேரமே நிற்கும். உருவாக்கியது ஏஜென்சி, அவர்கள் தொடவே இல்லை. கிளையன்ட் வெள்ளிக்கிழமை வந்து உட்கார்ந்திருக்கிறார்.

ஞாயிறு அன்று கோஆர்டினேட்டரிடமிருந்து "திங்கள், அதே டைம், கன்ஃபர்ம்" என்று ஒரு வரி. இங்கேதான் இரண்டாவது குழி. அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அந்த வருஷம் அது 3-ஆம் தேதி. அதனால் அவர்களுடைய "அதே" 10 மணி திங்கட்கிழமை நமக்கு 7:30 இல்லை, 8:30. புது அழைப்பு காலண்டரில் வந்திருந்தால் அதுவே 8:30 என்று காட்டியிருக்கும். வரவில்லை, அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். 7:30-க்கு உட்கார்ந்தேன், 8:10 வரை யாரும் இல்லை, கோஆர்டினேட்டர் போனை எடுக்கவில்லை, அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கிளையன்ட் 8:30-க்கு வந்தார்.

கடைசியில் பில்லில் 15 சதவீதம், 12,000 ரூபாய் கழித்திருந்தார்கள். காரணம்: "இரண்டு முறை வரவில்லை." ஒப்பந்தத்தில் 24 மணி நேரத்துக்கு முன் மின்னஞ்சலில் எழுத்து மூலம் சொன்னால்தான் செல்லும் என்று ஒரு வரி இருந்தது, அவசரம் என்றாலும் விலக்கு கிடையாது. வேலையைப் பற்றிய மற்ற எல்லாவற்றையும் வாட்ஸப்பிலேயே பேசியவர்களுக்கு இதற்கு மட்டும் மின்னஞ்சல்!

இதெல்லாம் என் கவனக்குறைவு என்றுதான் இருந்தேன். அப்புறம் வேறொரு விஷயத்துக்காக எனக்கு வந்த மெயிலின் அடியில் பழைய கடிதங்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. வெள்ளிக்கிழமை, அவர்கள் நேரம் 10:20-க்குக் கோஆர்டினேட்டர் கிளையன்ட்டுக்கு எழுதியது: டிசைனர் வரவில்லை, எங்களாலும் தொடர்புகொள்ள முடியவில்லை. நம் நேரம் அப்போது இரவு 7:50. நான் சொல்லி எட்டரை மணி நேரம் ஆகியிருந்தது. சொல்ல மறந்ததை மறைக்க என்னை மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

இப்போது நான் அனுப்புவது மின்னஞ்சல், கிளையன்ட்டையும் சேர்த்து. நோய் விவரம் ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை. அன்று அனுப்பியிருக்க வேண்டியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"வீட்டில் மருத்துவ அவசரம், இன்றைய மீட்டிங்கில் கலந்துகொள்ள இயலாது, மன்னிக்கவும். புதன் நவம்பர் 6, நியூயார்க் நேரம் காலை 9:30 (இந்திய நேரம் இரவு 8:00), அல்லது வியாழன் நவம்பர் 7, நியூயார்க் காலை 8:00 (இந்தியா மாலை 6:30). எது வசதி என்று உங்கள் செவ்வாய் மதியத்துக்குள் சொன்னால் அழைப்பை நானே அனுப்புகிறேன். பார்க்க வேண்டிய டிசைன் இத்துடன் இருக்கிறது."

இரண்டு நேரம் போதும், நான்கைந்து கொடுத்தால் தேர்ந்தெடுப்பதற்கே இரண்டு நாள் போய்விடும். கிழமையோடு தேதியும், ஊர்ப் பெயரோடு நேரமும் கட்டாயம். அன்று நான் சொன்ன செவ்வாய் அமெரிக்காவில் தேர்தல் நாள், அதைக்கூடப் பார்க்கவில்லை.

அந்த மெயிலையும் 11:14 நீல டிக் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்து ஏஜென்சிக்கு மூன்று முறை எழுதினேன். பதில் ஒன்றே ஒன்று வந்தது, "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்று. பணம் வரவில்லை. அம்மா நன்றாக இருக்கிறார்.