எட்டுச் சுற்றும் ஒன்பது மீட்டரும்: மைல் இலக்கைச் சுற்று நேரமாக மாற்றும் வழிகள்

உள்ளரங்க ஓடுதளத்தின் ஒரு சுற்று 200 மீட்டர். ஒரு மைல் 1609.344 மீட்டர். ஆகவே மைல் ஓடுபவர் எட்டுச் சுற்றுகளுடன் கூடுதலாக 9.34 மீட்டரும் கடக்க வேண்டும். போட்டிகளில் இந்தத் துண்டு தூரத்தை முடிவில் வைப்பதில்லை. முடிவுக் கோட்டுக்கு 9.34 மீட்டர் பின்னால் மைலுக்கென்று தனியே ஒரு தொடக்கக் கோடு வரையப்பட்டிருக்கும். ஓட்டம் அங்கே தொடங்கி, சில விநாடிகளுக்குள் முடிவுக் கோட்டை ஒருமுறை தாண்டி, பிறகு எட்டு முழுச் சுற்றுகளாகத் தொடர்ந்து அதே கோட்டில் முடியும். கஜக் கணக்கு ஆட்சி செய்த காலத்தில் இந்தச் சிக்கல் எழவில்லை, ஏனெனில் 160 கஜத் தளத்தில் 11 சுற்று ஓடினால் 1760 கஜம், அதாவது மைல், மீதமின்றி முடிந்துவிடும். நியூயார்க்கின் மில்ரோஸ் போட்டிகள் 2012-இல் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கின் 11 சுற்றுத் தளத்தை விட்டு, ஆர்மரி அரங்கின் 200 மீட்டர் தளத்துக்கு மாறியபோது, அங்கு நடக்கும் புகழ்பெற்ற வானமேக்கர் மைலும் இந்த 9.34 மீட்டரோடு கணக்குப் போட வேண்டியதாயிற்று.

ஒரு மைலை 5 நிமிடத்தில், அதாவது 300 விநாடியில், ஓட விரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் முன் மூன்று வழிகள் உள்ளன. மூன்றுமே பயிற்சிக் களங்களில் புழங்குபவை. வேறுபாடு, எந்த எண்ணை நினைவில் வைக்கிறோம், அதை எந்தக் கோட்டில் நின்று படிக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

முதல் வழி, 300-ஐ எட்டால் வகுப்பது. விடை 37.5 விநாடி. மனக்கணக்கில் வந்துவிடும் என்பதாலும், நான்கு சுற்றில் சரியாக இரண்டரை நிமிடம் என்று அழகாக அமைவதாலும் பெரும்பாலோர் இதையே பிடித்துக்கொள்கிறார்கள். இதன் குறை, அது எங்கே படிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து உருமாறுகிறது. தனியாக நேரம் பார்க்கும் ஒருவர் முடிவுக் கோட்டிலேயே ஓடத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றையும் 37.5-இல் முடித்தால், 300 விநாடியில் அவர் கடந்திருப்பது 1600 மீட்டர்தான், மீதமுள்ள 9.34 மீட்டருக்கு அந்த வேகத்தில் இன்னும் 1.75 விநாடி ஆகும், மைல் நேரம் 5:01.75 என்று முடியும். போட்டியிலோ நிலைமை வேறு. தொடக்கம் பின்னால் இருப்பதால், கடிகாரம் இருக்கும் முடிவுக் கோட்டுக்கு அவர் முதல் சுற்று முடிந்து வரும்போது 209.34 மீட்டர் ஓடியிருப்பார். அந்தத் தூரத்தை 37.5-இல் ஓடினால் அது 4:48 மைலின் வேகம். மீதி ஏழு சுற்றுகளையும் 37.5-இல் ஓடினால் கடிகாரம் சரியாக 5:00.0 காட்டும் என்பது உண்மை. ஆனால் முதல் சுற்றை ஏறத்தாழ ஒன்றரை விநாடி முன்னதாகவே முடித்து, அதன் பிறகு இலக்கைவிடச் சற்று மெதுவாக ஓடி அந்த நேரத்தை எட்டியிருப்பார். துப்பாக்கி ஒலித்தவுடன் இடம் பிடிக்கும் பரபரப்பிலேயே முதல் சுற்று வேகமாகிவிடும் என்பதால், அந்தப் பரபரப்புக்குக் கணக்கும் சேர்ந்து துணை போவது நல்லதல்ல.

இரண்டாவது வழி, மைலின் உண்மையான நீளத்தைக் கொண்டு வகுப்பது. 300-ஐ 8.04672-ஆல் வகுத்தால் 200 மீட்டருக்கு 37.28 விநாடி வருகிறது, 9.34 மீட்டர் துண்டுக்கு 1.74 விநாடி தனியே ஒதுக்கப்படுகிறது. வேகம் என்ற அளவில் இதைவிடச் சரியான எண் இல்லை. பயிற்சியில் 200 மீட்டர் ஓட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓடும்போது கண்ணில் இருக்க வேண்டியது இந்த எண்தான். போட்டியில் இதைப் பயன்படுத்த வேண்டுமானால், நேரம் சொல்லும் பயிற்றுநர் முடிவுக் கோட்டில் நிற்காமல் 9.34 மீட்டர் பின்னால், மைல் தொடக்கக் கோட்டருகே நிற்க வேண்டும். அங்கே நின்றால் 37.3, 74.6, 111.8 என்று ஒவ்வொரு சுற்றும் முழு 200 மீட்டராகவே வரும். ஆனால் ஓடுபவரின் கண் பெரிய கடிகாரத்தின் மேல்தான் போகும். அது முடிவுக் கோட்டில் இருக்கிறது. முதல் சுற்றின் முடிவில் அது 39.0 காட்டும்போது, 37.3-ஐ மனத்தில் வைத்திருப்பவர் தாம் 1.7 விநாடி பின்தங்கியதாக எண்ணி, சரியான வேகத்தில் இருந்தும் இரண்டாவது சுற்றில் பாய்ந்துவிடுவார். இரண்டாவது சுற்று நேரம் 36-க்குக் கீழே இறங்கியிருந்தால், பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும் என்று யூகிக்கலாம்.

மூன்றாவது வழி, முடிவுக் கோட்டை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு, ஒவ்வொரு முறை அதைத் தாண்டும்போதும் கடிகாரத்தில் இருக்க வேண்டிய மொத்த நேரத்தை எழுதிவைப்பது. முதல் கடப்புக்கு 39.02, அதன் பின் ஒவ்வொன்றுக்கும் 37.28 கூட்ட வேண்டும். தொடங்கியதும் சில விநாடிக்குள் கோட்டைத் தாண்டுவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இதை எட்டால் வகுத்த கணக்கோடு அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரியும்.

| கடப்பு | ஓடிய தூரம் | சீரான வேகத்தில் | எட்டால் வகுத்தால் |
|---|---|---|---|
| 1 | 209 மீ | 39.0 | 37.5 |
| 2 | 409 மீ | 1:16.3 | 1:15.0 |
| 3 | 609 மீ | 1:53.6 | 1:52.5 |
| 4 | 809 மீ | 2:30.9 | 2:30.0 |
| 5 | 1009 மீ | 3:08.2 | 3:07.5 |
| 6 | 1209 மீ | 3:45.4 | 3:45.0 |
| 7 | 1409 மீ | 4:22.7 | 4:22.5 |
| 8 | 1609 மீ | 5:00.0 | 5:00.0 |

நான்காவது வரிசையைக் கவனித்தால் போதும். பாதி வழி என்று எல்லோரும் நினைக்கும் அந்த இடம் உண்மையில் 809 மீட்டர், பாதியைவிட ஏறக்குறைய 5 மீட்டர் அதிகம். அங்கே 2:30.0 பார்த்து நிம்மதி அடைபவர், அதே வேகத்தைத் தக்கவைத்தால் 4:58.3-இல் முடிப்பார், அவ்வளவு வலு தம்மிடம் இல்லையென்றால், அந்த விநாடியைக் கடைசி இரண்டு சுற்றுகளில் திருப்பிச் செலுத்துவார்.

இந்த வழிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஓடிக்கொண்டிருப்பவரால் பதின்ம விநாடிகளை மனத்தில் வைத்துக்கொள்ள முடியாது. எப்படியும் முழு விநாடியாக்கத்தான் வேண்டும். 37.28-ஐ 37 ஆக்கி ஒவ்வொரு சுற்றிலும் அதையே ஓடினால், விடுபட்ட 0.28 எட்டு முறை சேர்ந்து, முடிவு நேரம் 4:57.7-க்கான வேகமாகிவிடும். மொத்த நேரங்களை மட்டும் முழு விநாடியாக்கினால் பிழை சேர்வதில்லை: 39, 1:16, 1:54, 2:31, 3:08, 3:45, 4:23, 5:00. எந்தக் கடப்பிலும் அரை விநாடிக்கு மேல் விலகல் இல்லை. இதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு; நான் பரிந்துரைப்பதும் இதைத்தான்.

அட்டவணை தயாரிக்க நேரமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி. இலக்கை எட்டால் வகுத்து, முதல் சுற்றுக்கு ஒன்றரை விநாடி கூட்டி, மற்ற ஏழுக்கும் 0.2 கழித்தால், 5 நிமிட இலக்குக்கு மிக நெருங்கிய விடை வரும். 4 நிமிட மைலுக்கு அந்தக் கூட்டல் 1.2 ஆகக் குறையும், முதல் கடப்பு 31.2, அடுத்தவை 29.8; 6 நிமிடத்துக்கு அது 1.8 ஆகும், முதல் கடப்பு 46.8, அடுத்தவை 44.7. உச்சத்திலும் இதே கணக்குதான். 2025 பிப்ரவரியில் பிரான்சின் லியேவான் நகரில் யாகோப் இங்கெபிரிக்ட்சன் ஓடிய 3:45.14 என்ற உள்ளரங்க மைலின் சராசரி 200 மீட்டருக்கு 27.98 விநாடி, வெறுமனே எட்டால் வகுத்தால் 28.14 என்று சற்று மெதுவாகத் தோன்றும்.

கைக்கடிகாரத்தின் சுற்றுப் பொத்தானை நம்புபவர்கள் ஒரு முடிவை முன்பே எடுத்துவிட வேண்டும். தொடங்கியதும் முடிவுக் கோட்டைத் தாண்டும் அந்தக் கணத்தில் பொத்தானை அழுத்தினால், அதன் பிறகு வரும் எட்டுச் சுற்றும் சுத்தமான 200 மீட்டராகப் பதிவாகும், 37.3 என்ற எண்ணை அப்படியே ஒப்பிடலாம். அழுத்தாவிட்டால் முதல் பதிவு 39. எதைச் செய்தோம் என்பது நினைவிருந்தால் இரண்டும் சரியே. ஆனால் நெரிசலுக்கு நடுவே, நின்ற நிலையிலிருந்து கிளம்பிய இரண்டாவது விநாடியில் பொத்தானைத் தேடுவது எனக்கு உகந்ததாகப் படவில்லை.

இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் பார்ப்பவர்களுக்கு 1:16, 2:31, 3:45, 5:00 என்ற நான்கு எண்கள் போதும். வெளிப்புறத் தளத்தின் 409, 809, 1209 மீட்டர்க் கணக்கும் இதுவேயாதலால், அங்கிருந்து உள்ளே வருபவர்களுக்கு இது பழகியதாகவே இருக்கும். ஆனால் முதல் சுற்றில் வேகம் மிஞ்சியிருந்தால் அது 76 விநாடிக்குப் பிறகுதான் தெரியவரும் என்பதால், புதியவர்கள் முதல் கடப்பின் 39-ஐயும் சேர்த்துக்கொள்வது நல்லது.

இந்த எண்கள் எல்லாமே ஓடுபவர் முதல் தடத்தின் உள்விளிம்பை ஒட்டி, அளவீட்டுக் கோட்டிலேயே ஓடுகிறார் என்ற அடிப்படையில் அமைந்தவை. அந்தக் கோடு, விளிம்பில் உயர்த்திய தடுப்பு இருந்தால் அதிலிருந்து 30 சென்டிமீட்டரும், வெறும் வெள்ளைக் கோடு மட்டுமென்றால் 20 சென்டிமீட்டரும் தள்ளி அளக்கப்படுகிறது. 200 மீட்டர் தளத்தில் ஒரு மைலுக்குப் பதினாறு வளைவுகள். அவை எல்லாவற்றிலும் இன்னுமொரு 30 சென்டிமீட்டர் வெளியே ஓடினால், சுற்றுக்கு 1.9 மீட்டர் வீதம் மொத்தம் 15 மீட்டர் கூடும். 5 நிமிட வேகத்தில் அது 2.8 விநாடி, அதாவது மேலே இவ்வளவு நேரம் ஆராய்ந்த 9.34 மீட்டரைவிடப் பெரிய இழப்பு. ஒருவரை முந்த முயன்று ஒரு முழுச் சுற்று ஒரு மீட்டர் வெளியே ஓடினால் 6 மீட்டருக்கு மேல் கூடி, அந்த ஒரு சுற்று மட்டும் ஒரு விநாடிக்கு மேல் நீளும். ஆகவே நடுவே ஒரு கடப்பு நேரம் அட்டவணையைவிட ஒரு விநாடி பின்தங்கினால், வேகம் குறைந்ததா, வெளியே ஓடியதா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். வேகம் குறைந்திருந்தால் அடுத்த கடப்பிலும் இடைவெளி வளரும். வளைவில் வெளியே தள்ளப்பட்டதுதான் காரணமென்றால், உள்ளே திரும்பியதும் அடுத்த சுற்று மீண்டும் 37-ஐ ஒட்டியே வரும், இழந்த விநாடியை நேர்ப்பகுதிகளில் சிறிது சிறிதாக எடுத்துக்கொள்ளலாம்.