ரீதிகௌளை: கீர்த்தனையா, சினிமாப் பாட்டா?

கொடைக்கானல் பண்பலையில் ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ ஓடும்போது, பாட்டு கற்கும் அக்கா மகள் கேட்டாள்: “சித்தி, ‘ஜனனி நின்னு வினா’ கீர்த்தனையும் இதே ரீதிகௌளை ராகம்தானே, எப்படிப் பிரிக்கிறது?” ராகத்தை விடு, அமைப்பைக் கேள் என்றேன்.

கீர்த்தனை: பல்லவி வரி திரும்பும்போதெல்லாம் சங்கதி எனும் புது மெட்டு மாற்றம் சேர்ந்து வளரும்.
சினிமா: மெட்டு பெரும்பாலும் அப்படியே திரும்பும்.

கீர்த்தனை: வயலின் பாடகரின் பின்னாலேயே வரும்.
சினிமா: பாடகர் நிறுத்த, தனியாக எழுதிய இடையிசை நுழையும். இதுதான் சட்டென்று பிடிபடும்.

கீர்த்தனை: பல்லவிக்கு அடுத்த பகுதியான அனுபல்லவி மேலே ஏறிப் பல்லவிக்கு இறங்கும்.
சினிமா: அனுபல்லவி அபூர்வம், ஒரே மெட்டில் இரண்டு சரணங்கள். ஆனால் சில கீர்த்தனைகளிலும் பல சரணங்கள் ஒரே மெட்டில் வரும், அதை மட்டுமே வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ராகத்தின் முகம் மனதில் பதிய சினிமாப் பாட்டு போதும், அதற்கே உரிய ஸ்வரக் கோவைகளான பிடிகளைப் பாடிப் பழகக் கீர்த்தனைதான்.