பதினாறு பிக்சல் ஒன்பது: வாட்ஸ்அப் படத்தை நம்பி 1939 ரூபாய் வாங்குவோர் கவனத்துக்கு

ஆறாம் ஜார்ஜ் மன்னரின் அரிதாகக் கிடைக்கும் 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாயைத் தேடுபவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வாட்ஸ்அப் குழு ஒன்றில் எனக்கு விற்கப்பட்ட 1939 ரூபாய், உண்மையில் 1938 ரூபாய். கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கியிருக்கிறார்கள். நான் கொடுத்த தொகைக்கு 1938 ரூபாய்களை ஒரு பெட்டி நிறைய வாங்கியிருக்கலாம். விற்றவரிடம் கேட்டால், "படம் அனுப்பினேன், பார்த்துத்தானே வாங்கினீர்கள்?" என்கிறார். அந்தப் படத்தில் எதைப் பார்த்திருக்க முடியும், எதைப் பார்த்திருக்கவே முடியாது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில், இந்த மோசடி ஏன் இந்த நாணயத்தில் இவ்வளவு சுலபம் என்று பார்ப்போம். 1938, 1939 ஆகிய இரண்டு ஆண்டு ரூபாய்களும் ஒரே எடை, 11.66 கிராம். இரண்டும் 91.7 சதவீத வெள்ளி. விட்டமும் ஒன்றே, 30 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். 1940இல்தான் வெள்ளியை 50 சதவீதமாகக் குறைத்தார்கள். எனவே எண்ணைத் திருத்திய நாணயத்தைத் தராசில் வைத்தால் எடை சரியாக இருக்கும், உரைத்துப் பார்த்தால் வெள்ளி சரியாக இருக்கும், தட்டினால் ஓசையும் சரியாக இருக்கும். வார்ப்புப் போலியைக் காட்டிக்கொடுக்கும் சோதனை எதுவும் இங்கே உதவாது. நாணயம் அசல்தான், பொய் சொல்வது அதிலுள்ள ஒரே ஓர் எண். ஆகவே அந்த ஓர் எண்ணின் படம்தான் வாங்குபவருக்கு இருக்கும் ஒரே சாட்சி.

இனி அந்தச் சாட்சியின் தரத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விற்றவர் நாணயத்தை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்திருந்தார். இன்றைய சாதாரண கைப்பேசிப் படம் 4000க்கு 3000 பிக்சல் இருக்கும். அதில் உள்ளங்கை, விரல்கள், பின்னால் மேசைவிரிப்பு எல்லாம் போக, நாணயத்தின் குறுக்களவுக்கு 600 பிக்சல் கிடைத்திருக்கலாம். அதாவது மில்லிமீட்டருக்கு 20 பிக்சல். இதுவே சுமார்தான். ஆனால் எனக்கு வந்தது இதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பிய அந்தப் படம் நீளப் பக்கத்தில் 1600 பிக்சலாகச் சுருங்கி வந்து சேர்ந்தது. 600 பிக்சல் நாணயம் 240 பிக்சல் ஆயிற்று. மில்லிமீட்டருக்கு 8 பிக்சல். ஆண்டு எண்ணின் உயரம் இரண்டு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வோர் எண்ணுக்கும் கிடைத்தது 16 பிக்சல் உயரம். எட்டுக்கும் ஒன்பதுக்கும் உள்ள வித்தியாசம் கீழ்வளையத்தின் இடது பக்கத்தில் இருக்கும் சிறு திறப்புதான். அதற்கு இரண்டு அல்லது மூன்று பிக்சல் மிஞ்சும். ஊசி முனை உலோகத்தில் விட்ட கீறலுக்கு? ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அகலமுள்ள கீறல் அரைப் பிக்சலுக்கும் குறைவு. அது படத்தில் மங்கலாகத் தெரியவில்லை என்று சொல்வதுகூடத் தவறு. அது படத்தில் இல்லவே இல்லை.

சுருக்கியதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. அடுத்து அழுத்தம் நடக்கிறது. கோப்பின் எடையைக் குறைப்பதற்காக ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பெரிய ஒளி மாற்றங்களை வைத்துக்கொண்டு, நுண்ணிய மாற்றங்களைக் கண்ணுக்கு உறுத்தாதவரை தள்ளிவிடுகிறது. நம் ஒன்பதின் உயரமே இரண்டு கட்டம்தான் என்பதை நினைவில் வையுங்கள். முகம், பூ, வானம் போன்றவற்றுக்கு இது போதும். நாணயத்தில் நாம் தேடுவதே அது தள்ளிவிடும் நுண்ணிய மாற்றங்களைத்தான். நிறத்துக்கு இன்னும் மோசம். இந்த வகைச் சுருக்கத்தில் பெரும்பாலும் நிறத் தகவலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கி விடுவார்கள். வெளிச்சத்தைவிட நிறத்தில் நம் கண் கூர்மை குறைந்தது என்பதால். எண்ணைப் பற்றவைத்து ஒட்டியிருந்தால் பற்றவைத்த இடத்தின் ஓரம் லேசான மஞ்சள் காட்டலாம். மெல்லிய கோடாக ஓடும் அந்த மஞ்சள், சுற்றியுள்ள சாம்பல் நிறத்தில் கரைந்து போய்விடும்.

இதனால் விற்பவருக்கு எதிர்பாராத இன்னொரு லாபமும் உண்டு. சுருங்கிய படத்தில் நாணயம் நேரில் இருப்பதைவிட அழகாக இருக்கிறது! துணியால் அழுத்தித் தேய்த்ததால் விழுந்த மயிரிழைக் கீறல்கள் மறைந்து, மேற்பரப்பு வழவழப்பாகத் தோன்றுகிறது. குழுவில் "அருமையான நிலை" என்று பாராட்டுக் குவிந்தது இந்த நாணயத்துக்குத்தான். கையில் வந்தபோது மன்னரின் கன்னம் முழுக்கக் கீறல்.

நெருக்கமான படம் கேட்டேன். ஆண்டு எண் மட்டும் தெரியும்படி வேண்டும் என்று தெளிவாக எழுதினேன். சற்று நேரத்தில் நாணயம் திரை முழுக்க நிறையும் படம் வந்தது. அது புதிதாக எடுத்த படம் அல்ல. பழைய படத்தைத் திரையில் விரல்களால் பெரிதாக்கி, அதைத் திரைப்பிடிப்பாக எடுத்து அனுப்பியிருக்கிறார். 1080 பிக்சல் அகலம், பார்க்கப் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இருந்த விவரம் அதே 240 பிக்சலுக்கானது. மீதியைக் கைப்பேசி பக்கத்துப் பிக்சல்களின் சராசரியால் நிரப்பிவிட்டது.

இப்படிப் பெரிதாக்கிய படத்தைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மன்னர் தலைக்கு முன்னால் உள்ள வெற்றுப்பரப்பைப் பாருங்கள். அங்கே மெல்லிய சதுரக் கட்டங்கள் தெரிந்தால், அவை எத்தனை பிக்சல் அகலம் என்று எண்ணுங்கள். நேரடியான படத்தில் எட்டு இருக்கும். எனக்கு வந்ததில் ஏறத்தாழ 36 இருந்தது. அப்படியென்றால் நான்கரை மடங்கு ஊதப்பட்ட படம். இரண்டாவது, அதே விரல், அதே நிழல், அதே ஒளித்திட்டு நாணயத்தின் அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கையில் பிடித்து இரண்டு முறை எடுத்தால் ஒளி ஒரே இடத்தில் விழாது. மூன்றாவது, கோப்பின் பெயர். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வாட்ஸ்அப் வழியாக வந்து சேமித்த படம் `IMG-20240312-WA0007.jpg` என்ற சாயலில் இருக்கும். நடுவில் தேதி, பிறகு WA. "இப்போதுதான் காமிராவில் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டு ஒருவர் இந்தப் பெயருள்ள கோப்பை ஆவணமாக அனுப்பினால், அது ஏற்கெனவே ஒரு முறை சுருங்கி வந்த படம்.

நாணயம் வந்ததும் எங்கள் ஊரில் நீண்ட காலமாகச் சேகரிக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். பத்து மடங்கு லென்ஸை எடுத்தவர் மன்னரைப் பார்க்கவே இல்லை. நேராக ஆண்டு எண்ணுக்குப் போனார். "தம்பி, 1939இல் ஒன்பது எத்தனை?" என்றார். இரண்டு என்றேன். "அப்புறம் என்ன? சாட்சி நாணயத்திலேயே இருக்கிறதே. முதல் ஒன்பதையும் கடைசி ஒன்பதையும் அடுத்தடுத்துப் பாருங்கள்." பார்த்தேன். முதல் ஒன்பதின் விளிம்பு தளத்திலிருந்து சீராக எழுந்து, மேலே உருண்டு, அச்சு அடித்த நாணயத்துக்குரிய மினுமினுப்போடு இருந்தது. கடைசி ஒன்பதின் வால் மெலிந்து, முனையில் தட்டையாக முடிந்தது. அதன் இடது கீழ்ப்பக்கத்தில், எட்டின் வளையம் இருந்திருக்க வேண்டிய இடத்தில், தளம் லேசாகக் குழிந்து, ஒரே திசையில் ஓடும் நுண்கோடுகளோடு மந்தமாகக் கிடந்தது. சுரண்டிவிட்டு மெருகேற்றிய தடம். லென்ஸை எடுத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தாலும், தெரிந்த பிறகு, அந்த இடத்தில் ஒளி வேறு மாதிரி விழுவது தெரிகிறது. வாட்ஸ்அப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இரண்டு ஒன்பதும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன. இரண்டையும் ஒரே மாதிரி மழுக்கியிருந்தது படம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இதே குழுவில் வேறொருவரின் நாணயத்தைப் படத்தைப் பார்த்துவிட்டுப் போலி என்று முத்திரை குத்தினார்கள். எழுத்துகளைச் சுற்றி நிழல் போல இரட்டைக் கோடு தெரிகிறது, எனவே திருத்தியது என்பது வாதம். அழுத்தமான சுருக்கத்தில் கூர்மையான விளிம்புகளைச் சுற்றி அலையலையாக இப்படிப் போலிக் கோடுகள் எழுவது இயல்பு. அசல் கோப்பை வாங்கிப் பார்த்தபோது கோடுகள் இல்லை. 1600 பிக்சல் படம் திருட்டை மறைக்கும், இல்லாத திருட்டையும் காட்டும். அதை வைத்து அசல் என்றும் சொல்லக்கூடாது, போலி என்றும் சொல்லக்கூடாது.

இப்போது நான் கேட்பது இதுதான். நாணயம் சட்டகத்தை நிறைக்க வேண்டும். 12 மெகாபிக்சல் படத்தில் அப்போது மில்லிமீட்டருக்கு 90 பிக்சல் அளவில் கிடைக்கும். படத்தை வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அல்ல, ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினால் கோப்பு அப்படியே வரும். 2023இல் வந்த எச்டி தேர்வு வழக்கமானதைவிட மேல், ஆனால் அதுவும் சுருக்கிய படம்தான். விளக்கு ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழ வேண்டும், நாணயத்தைச் சற்றுத் திருப்பி இரண்டாவது படமும் வேண்டும். குழியும் கீறலும் ஒளியின் திசை மாறும்போதுதான் எழுந்து நிற்கும். மிக அருகே கொண்டுபோனால் பல கைப்பேசிகளின் முதன்மைக் காமிரா குவியம் தவறும். அப்போது சட்டகம் முழுக்க நிறையாவிட்டாலும் பரவாயில்லை, கொஞ்சம் தள்ளி வைத்து எடுக்கச் சொல்லுங்கள், டிஜிட்டல் ஜூம் மட்டும் வேண்டாம். இவ்வளவும் செய்தாலும் கைப்பேசி தன் பங்குக்கு இரைச்சலை வழித்துவிட்டுத்தான் படத்தைச் சேமிக்கிறது. அதனால் பணம் அனுப்பும் முன்பே, நேரில் லென்ஸ் வைத்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்பதை எழுத்தில் வாங்கிவிடுகிறேன். இதற்குச் சம்மதிக்காதவரிடம் 1939 வாங்குவதில்லை.

என் பணம் இன்னும் திரும்பவில்லை. அசல் கோப்பை அனுப்புங்கள் என்று விற்றவரைக் கேட்டதற்கு, கைப்பேசி மாற்றிவிட்டேன், பழைய படம் இல்லை என்று பதில் வந்தது. குழு நிர்வாகியிடம் இரண்டு ஒன்பதையும் லென்ஸ் வழியே எடுத்த படங்களை ஆவணமாக அனுப்பியிருக்கிறேன். அவர் அவற்றைக் குழுவில் பகிர்ந்தார், சாதாரணப் புகைப்படமாக. "எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது" என்று கீழே ஐந்தாறு பேர் எழுதியிருக்கிறார்கள்.