பழைய மெயில் கணக்குகள்: ஜிமெயில், அவுட்லுக், யாஹூ, எதை எத்தனை நாள் மறந்திருக்கலாம்?

என்னிடம் இருந்த பழைய மெயில் முகவரிகளை எல்லாம் போன வருடம் உட்கார்ந்து கணக்கெடுத்தேன். எதை வைத்துக்கொள்வது, எதை மூடிவிடுவது என்று பார்த்தபோது இடம் எத்தனை ஜிபி, விளம்பரம் வருமா என்பதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. நான் பார்த்தது ஒன்றைத்தான்: வருடத்துக்கு ஒரு முறை மட்டும் எட்டிப்பார்க்கிற கணக்கு, ஒரு வருடம் மறந்துபோனால் என்ன ஆகும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முக்கியமானவை எல்லாம் இப்போது ஜிமெயிலில். மற்ற இரண்டும் துணைக்கு.

ஜிமெயில் விதி: தனிநபர் கூகுள் கணக்கு இரண்டு வருடம் பயன்படுத்தப்படாமல் இருந்தால், மெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றோடும் அதை நீக்க கூகுளுக்கு உரிமை உண்டு. 2023 மே மாதம் அறிவித்தார்கள், அந்த வருடம் டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்தது. லாகின் செய்த நிலையில் ஒரு மெயிலைப் படித்தால் போதும், யூடியூபில் ஒரு வீடியோ பார்த்தாலும் பயன்பாடாகக் கணக்கில் வரும். அலுவலகம், பள்ளி தருகிற கணக்குகளுக்கு இது பொருந்தாது.

மைக்ரோசாஃப்ட் கொஞ்சம் குழப்பும். கணக்கு இரண்டு வருடம் தாங்கும், ஆனால் அவுட்லுக் இன்பாக்ஸுக்கு ஒரு வருடம்தான் கெடு. அதனால் கணக்கு உயிரோடு இருக்கும்போதே உள்ளே மெயில் எதுவும் இல்லாமல் போக வாய்ப்புண்டு. ஹாட்மெயில் முகவரி வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். யாஹூவில் பன்னிரண்டு மாதம். அது தாண்டினால் மெயில்பெட்டி காலி, திரும்பக் கிடைக்காது. ப்ரோட்டான் மெயிலின் இலவசக் கணக்குக்கும் ஒரு வருடம்தான் என்றாலும், அதை நான் ஓரமாக மட்டுமே பயன்படுத்துவதால் நல்லது கெட்டது சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

ஒரு வருடம், இரண்டு வருடம், பெரிய வித்தியாசமா என்று கேட்கலாம். வருடத்துக்கு ஒரு முறை என்று பழக்கம் வைப்பவருக்கு மிகப் பெரிய வித்தியாசம். இந்த வருடம் ஜனவரி 10 அன்று யாஹூவைத் திறக்கிறீர்கள், அடுத்த வருடம் ஏதோ வேலையில் ஜனவரி 20 ஆகிவிடுகிறது, அவ்வளவுதான், நீங்கள் ஒழுங்காகச் செய்தும் பன்னிரண்டு மாதக் கெடுவைப் பத்து நாள் தாண்டிவிட்டீர்கள். அன்றைக்கே அழித்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை, ஆனால் விதிப்படி உங்கள் பக்கம் நியாயம் இல்லை. ஜிமெயிலில் ஒரு வருடம் மொத்தமாகத் தவறினாலும் அடுத்த முறை கொஞ்சம் முன்கூட்டியே பார்த்தால் தப்பித்துவிடலாம். அதனால் ஒரு வருடக் கணக்குகளுக்கு காலண்டரில் நினைவூட்டலைப் பத்து மாதத்துக்கு ஒரு முறை வையுங்கள், அல்லது வருடத்துக்கு இரண்டாக வையுங்கள்.

அப்புறம், முகவரி யாருக்குப் போகும் என்ற விஷயம். நீக்கப்பட்ட ஜிமெயில் முகவரியை வேறு யாரும் புதிதாக எடுக்க முடியாது. யாஹூ 2013-ல் ஒரு வருடமாகச் சும்மா கிடந்த முகவரிகளை விடுவித்து, கேட்டவர்களுக்குக் கொடுத்தது. புதிதாக வாங்கிய சிலருக்குப் பழைய சொந்தக்காரரின் மெயில்கள் வந்து சேர்ந்தது அப்போது செய்தியானது. பழைய கதைதான், ஆனால் என் மனசு ஜிமெயில் பக்கம் சாய இதுவும் ஒரு காரணம். கடவுச்சொல்லை மாற்றும் லிங்க் இன்னொருவர் பெட்டிக்குப் போவது, மெயில் அழிவதைவிட மோசம்.

இதே ஆபத்து போன் நம்பரில் இன்றைக்கும் இருக்கிறது. இந்தியாவில் ப்ரீபெய்டு சிம்மை 90 நாள் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால் இணைப்பைத் துண்டிக்கலாம். துண்டித்த பிறகு குறைந்தது 90 நாள் அந்த நம்பரை வேறு யாருக்கும் தரக்கூடாது, அவ்வளவுதான் பாதுகாப்பு. ஆக, அலமாரியில் கிடக்கும் சிம் சுமார் ஆறு மாதத்தில் இன்னொருவர் கைக்குப் போகலாம். மூன்று மெயில் நிறுவனங்களையும்விட இதுதான் குறுகிய கெடு, ஆனால் நாம் கவலைப்படுவது மெயிலைப் பற்றி!

ஒரு உதாரணம் பாருங்கள். ஒருவரின் முக்கியக் கணக்கு ஜிமெயில். மீட்பு மெயிலாக கல்லூரிக் காலத்து யாஹூ முகவரி, மீட்பு எண்ணாக ஊரில் இருந்தபோது வாங்கிய சிம். ஜிமெயிலைத் தினமும் திறக்கிறார், பிரச்சினையே தெரியாது. போன் தொலைந்து புதிய போனில் லாகின் செய்யும்போதுதான் குறியீடு எங்கே போகிறது என்று பார்ப்பார்: ஒன்று காலியான பெட்டிக்கு, இன்னொன்று முன்பின் தெரியாதவர் போனுக்கு. அதாவது காலாவதியானது அவர் பயன்படுத்திய கணக்கு அல்ல, அதைத் தாங்கிக்கொண்டிருந்தவை.

அதனால் என் வருடாந்திர வேலை போனிலிருந்து தொடங்குகிறது. போகிக்கு முந்தைய வார இறுதியில் செய்கிறேன், பழசைக் கிளறும் மனநிலை எப்படியும் வீட்டில் இருக்கும். முதலில் கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் மீட்பு எண்ணையும் மீட்பு மெயிலையும் பார்த்து, கையில் இல்லாத நம்பரை எடுத்துவிடுகிறேன். பிறகு மீட்பு மெயிலுக்குள் போகிறேன். செயலியில் மெயில் வருகிறதே, ஃபார்வர்ட் போட்டிருக்கிறேனே என்று நம்பாமல், பிரவுசரில் பிரைவேட் விண்டோ திறந்து கடவுச்சொல்லைக் கையால் அடித்து உள்ளே போகவேண்டும். இதில் இரண்டு லாபம்: பயன்பாடு பதிவாகிறது, கடவுச்சொல் உண்மையிலேயே நினைவிருக்கிறதா என்றும் தெரிந்துவிடுகிறது.

உள்ளே போனதும் அங்கிருந்து முக்கிய முகவரிக்கு ஒரு வரி மெயில், அதற்கு ஒரு பதில். இரண்டு திசையிலும் போய் வந்தால் சரி. நுழையவே முடியாத பழைய முகவரி என்றால் வெளியிலிருந்து ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். ஜிமெயிலில் இல்லாத முகவரி என்றால் `550 5.1.1` என்ற எண்ணோடு திரும்பி வரும். திரும்பி வரவில்லை என்றால் முகவரி இருக்கிறது என்று மட்டும்தான் பொருள், அது இன்னும் உங்களுடையது என்பதற்கு அது சாட்சி இல்லை. அப்படிப்பட்ட முகவரியை மீட்பு மெயிலாக எங்கெல்லாம் கொடுத்திருக்கிறோமோ அங்கெல்லாம் மாற்றிவிடுவதுதான் வழி.

கூகுள் போட்டோஸை மட்டும் தனியாக ஒரு முறை திறந்துவிடுங்கள். அதற்கென்று தனியாக இரண்டு வருட விதி இருக்கிறது, மெயில் படித்தது அதற்குக் கணக்கில் வராது. மைக்ரோசாஃப்டிலும் அவுட்லுக், ஒன்டிரைவ் இரண்டையும் தனித்தனியாகத் திறப்பது நல்லது.

வங்கிக் கணக்கையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ளலாம். சேமிப்புக் கணக்கில் நாமாக எந்தப் பரிவர்த்தனையும் இரண்டு வருடத்துக்கு மேல் செய்யவில்லை என்றால் ரிசர்வ் வங்கி விதிப்படி அது செயல்படாத கணக்கு. வங்கி போடும் வட்டி நம் பரிவர்த்தனை ஆகாது, எனவே பாஸ்புக்கில் புதிய வரி இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கவேண்டாம், நூறு ரூபாயை நீங்களே மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, `myaccount.google.com/inactive`. எத்தனை மாதம் நீங்கள் வராவிட்டால் யாருக்குச் சொல்லவேண்டும், எந்தத் தரவைக் கொடுக்கவேண்டும் என்று அங்கே எழுதிவைக்கலாம். மூன்று மாதத்திலிருந்து பதினெட்டு மாதம் வரை தேர்வு இருக்கிறது. நான் பதினெட்டு வைத்திருக்கிறேன். மூன்று வைத்தால் ஒரு நீண்ட மருத்துவமனை வாசம் வந்தாலே வீட்டுக்காரருக்கு என் மெயில் எல்லாம் போய்விடும்.